டாக்டர் பட்டமும் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்டும்

போன மாதம் எங்கள் கிளைக்கு அண்ணாச்சி வந்தார். தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர், புனேயில் இருபத்தைந்து வருஷமாக மளிகை மொத்த வியாபாரம். கையில் கண்ணாடி ஃபிரேம் போட்ட ஒரு பட்டம். கூடவே மகள்.

"சார், அக்கவுண்ட்ல பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுருங்க."

ஏதோ சர்வதேசப் பல்கலைக்கழகம், சமூக சேவைக்காகக் கொடுத்த கௌரவப் பட்டமாம். நட்சத்திர ஹோட்டலில் விழா, அங்கி, தொப்பி எல்லாம் உண்டு. முக்கால் லட்ச ரூபாய் டெபாசிட்டை அவர் அவசரமாக முறித்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முறித்துக் கொடுத்தவனும் நான்தான்.

மகள் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண் ஆறாவது வருஷமாக பி.எச்டி. செய்துகொண்டிருக்கிறாள்.

கணினியில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, மாற்ற ஒரு நிமிஷம் போதும். ஆனாலும் கை வரவில்லை. "ரெண்டு நாள் டைம் கொடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன்.

கௌரவப் பட்டம் நேற்று முளைத்த பழக்கம் இல்லை. 1470களின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்ட், லயனல் உட்வில் என்பவருக்கு, வழக்கமான படிப்பு நிபந்தனைகளைத் தள்ளுபடி செய்து பட்டம் கொடுக்க முன்வந்தது. அவர் மன்னர் நான்காம் எட்வர்டின் மைத்துனர். (சிபாரிசு அப்போதே உண்டு பாருங்கள்!) அந்தத் தள்ளுபடிதான் விஷயமே. கடனைத் தள்ளுபடி செய்ய யாரால் முடியும்? கடன் கொடுத்த வங்கியால்தான். பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்க அதிகாரம் உள்ள இடத்துக்குத்தான் பரீட்சை வேண்டாம் என்று சொல்லவும் அதிகாரம். அதே சமயம், தள்ளுபடியான கடனை நாங்கள் அடைத்த கடன் என்று கணக்கில் எழுதுவதும் இல்லை.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜான்சன். பணமில்லாமல் ஆக்ஸ்ஃபோர்ட் படிப்பைப் பாதியில் விட்டவர். 1765-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியும், 1775-ல் அதே ஆக்ஸ்ஃபோர்டும் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தன. உலகமே இன்றுவரை டாக்டர் ஜான்சன் என்கிறது. அவரோ தன்னைப் பெரும்பாலும் மிஸ்டர் ஜான்சன் என்றுதான் குறிப்பிட்டுக்கொண்டார் என்று அவர் சரித்திரம் எழுதிய பாஸ்வெல் பதிவு செய்திருக்கிறார்.

நம் உ.வே.சாமிநாதையரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கல்லூரியில் மாணவராக உட்கார்ந்தவர் அல்ல, மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். ஆனால் 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது 1932-ல், அவருடைய 77-வது வயதில். அதற்குள் செய்யவேண்டியதை எல்லாம் செய்து முடித்திருந்தார். அவர் மறைவுக்குப் பின் 1943-ல் தொடங்கிய நூல்நிலையத்தின் பெயரில் 'டாக்டர்' இருக்கிறது. மற்றவர்கள் மரியாதையாகச் சேர்த்தது அது.

இனி அண்ணாச்சியின் ஃபிரேம். 1956-ம் வருஷத்து யு.ஜி.சி. சட்டத்தின் 22-வது பிரிவுப்படி, நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டம் போட்டு உருவாக்கிய பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம், இவைதான் பட்டம் வழங்கலாம். 23-வது பிரிவு, மற்றவர்கள் 'யுனிவர்சிட்டி' என்று பெயர் வைத்துக்கொள்வதையே தடுக்கிறது. அபராதம்தான் சிரிப்பு: அதிகபட்சம் 1000 ரூபாய்! ஒரு பட்டத்துக்கு முக்கால் லட்சம் வாங்குகிறவனுக்கு இது டீச்செலவு.

அசல் கௌரவப் பட்டம் அவ்வளவு சுலபமாக வராது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் கல்விக் குழு பரிந்துரைக்க வேண்டும், நிர்வாகக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், பிறகு விசிட்டரான குடியரசுத் தலைவருக்குப் போகும். பெறுகிறவரிடம் பணம் கேட்கும் கட்டமே கிடையாது.

அண்ணாச்சியின் சான்றிதழில் எந்தச் சட்டத்தின் பெயரும் இல்லை. டிரஸ்ட் பதிவு எண், ஐ.எஸ்.ஓ. முத்திரை, ஒரு வெளிநாட்டுக் கம்பெனிப் பதிவு எண், அவ்வளவுதான். மூன்றுமே பட்டம் கொடுக்கும் அதிகாரம் ஆகாது. மளிகைக் கடைக்கும் ஐ.எஸ்.ஓ. வாங்கலாம்.

மூன்றாம் நாள் இருவரும் வந்தார்கள். சொன்னேன். "அசலான கௌரவப் பட்டமா இருந்தாலும், பேருக்குப் பின்னால கௌரவம்னு அடைப்புக்குறி போட்டு எழுதறதுதான் முறை அண்ணாச்சி. முன்னால டாக்டர் போடறது படிச்சு, ஆராய்ச்சி பண்ணி வாங்கினவங்களுக்கும் வைத்தியருக்கும். இது அந்தக் கணக்குலயும் வராது."

கொஞ்ச நேரம் ஃபிரேமையே பார்த்தார். "பாப்பா அன்னைக்கே சொன்னா" என்றார். பிறகு மெதுவாக, "அந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா சார்?"

ரசீதை வாங்கிப் பார்த்தேன். 'நன்கொடை' என்று போட்டிருந்தது.