விதை எண்

விதை எண் என்பது கணினி உண்டாக்கும் எழுமாற்று எண்களின் வரிசை எங்கே தொடங்க வேண்டும் என்பதைக் குறிக்கும் எண். ஒரே நிரலுக்கு ஒரே விதையைக் கொடுத்தால் அதே எண்கள் அதே ஒழுங்கில் வரும். இதனால் ஒருவர் பெற்ற முடிவை இன்னொருவர் மீண்டும் பெற்றுச் சரிபார்க்கலாம்.

வரலாறு

கணினிக்கு முன் இந்த வேலையை அச்சிட்ட அட்டவணைகள் செய்தன. 1927இல் புள்ளியியலாளர் டிப்பெட் 41,600 இலக்கங்களை வெளியிட்டார். 1934இல் மகலனோபிஸும் துணைவர்களும் எழுமாற்று மாதிரி அட்டவணைகளைக் கல்கத்தாவின் ‘சங்க்யா’ இதழில் வெளியிட்டனர். பக்கத்தையும் வரியையும் குறித்து வைத்தால் யாரும் அதே எண்களை எடுக்கலாம். விதையின் முன்னோடி அந்தக் குறிப்பே.

1949இல் கணிதவியலாளர் லெஹ்மர் அட்டவணைக்குப் பதிலாக ஒரு சூத்திரத்தை முன்வைத்தார்: முந்தைய எண்ணை ஒரு மாறிலியால் பெருக்கி, இன்னொன்றால் வகுத்து, மீதியை எடுப்பது. 7ஆல் பெருக்கி 11ஆல் வகுத்தால், விதை 3 தரும் வரிசை 10, 4, 6, 9, 8, 1, 7, 5, 2, 3. பிறகு அதே சுற்று. விதை 5 அதே வளையத்தில் வேறிடத்தில் தொடங்கி 2, 3, 10 எனப் போகும். விதை 0 என்றால் 0 மட்டுமே வரும். 1998இல் வெளியான மெர்சென் ட்விஸ்டர் என்னும் முறையின் சுற்றோ 2^19937 − 1 நீளமானது. பைத்தான் மொழி 2003இல் அதற்கு மாறியது.

பயன்பாடும் பிழைகளும்

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஓடும் பாதைக்கு வாகனங்கள் காத்திருக்கும் நேரத்தை ஒரு நிரல் கணிப்பதாகக் கொள்வோம். வருகை நேரங்களை அது எழுமாற்றாக எடுக்கிறது. பிறகு ஏற்றும் நேரத்துக்கும் அதே வரிசையிலிருந்து எண் எடுக்கும்படி நிரலை மாற்றினால், விதை மாறாவிட்டாலும் வருகைகள் முழுதும் இடம்பெயரும். காத்திருப்பு மாறியது ஏற்றும் விதியாலா, புதிய வருகைகளாலா என்று பிரித்தறிய முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை வைப்பதே தீர்வு:

```python
import random
varukai = random.Random(11)
etram = random.Random(12)
```

விதையை மட்டும் பகிர்ந்தாலும் போதாது. பைத்தான் 3.2இல் `randrange`, `choice` ஆகியவை எண் தெரிவு செய்யும் முறை மாறியது. அதனால் ஒரே விதை பழைய பதிப்பில் வேறு விடை தரலாம். பதிப்பெண்ணும் கூடவே போக வேண்டும்.

நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க ஒரு நிலையான விதை போதும். பாதையில் சராசரிக் காத்திருப்பு எவ்வளவு என்று சொல்லப் பல விதைகளில் ஓட்டி, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்க்க வேண்டும். ஒரு விதையின் விடை ஒரே ஒரு கற்பனை நாளின் கணக்குத்தான்.