சொரிமுத்து அய்யனார் கோயிலும் ஒரு நோட்டுப் புத்தகமும்

இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த பிள்ளை ஒருத்தி இப்போது எம்.ஏ. மானிடவியல் படிக்கிறாள். பாபநாசத்துக்கு மேலே, முண்டந்துறைக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்கு நாலு நாள் குடிலில் தங்கி, ஒரு நோட்டு நிறையக் குறிப்பெடுத்து வந்தாள். அதை வகுப்புக்கு ஒரு கேஸ் ஸ்டடியாக எழுத வேண்டும். "சார், எல்லாம் இருக்கு. எங்க தொடங்கன்னுதான் தெரியல" என்றாள்.

எல்லாம் இருப்பதுதான் சிக்கல். குடில் போட்டுப் பொங்குவது, சங்கிலிபூதத்தார் முன்னால் சங்கிலியால் அடித்துக்கொள்வது, ஆற்றில் விட்டுப்போகும் பழந்துணி, புலிகள் காப்பகமான பிறகு வனத்துறை போடும் கட்டுப்பாடு, ராஜ உடையில் வந்து அமர்ந்த சிங்கம்பட்டி ஜமீன்தார் (கடைசியாக அப்படி இருந்த முருகதாஸ் தீர்த்தபதி 2020இல் காலமானார்) என்று ஒவ்வொன்றும் தனிக் கட்டுரை. எல்லாவற்றையும் சேர்த்தால் திருவிழா வர்ணனைதான் வரும். ஒரு கேள்வி வேண்டும். நோட்டைப் புரட்டியபோது அவள் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் பட்டவராயன் சன்னதி என்று தெரிந்தது. அங்கே நேர்த்திக்கடனாகத் தோல் செருப்பு கட்டுவார்கள்.

கதை உங்களில் பலருக்குத் தெரியும். முத்துப்பட்டன் பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவரை விரும்பினான். அவர்கள் தகப்பன் சொன்னபடி குடுமியையும் பூணூலையும் விட்டான், செருப்புத் தைத்தான், மணந்தான். பிறகு மாட்டுக் கள்ளரோடு சண்டையிட்டு இறந்து தெய்வமானான். வில்லுப்பாட்டில் இன்றும் பாடுகிறார்கள். அந்தப் பெண்களே பிராமணக் குலத்தில் பிறந்து, காட்டில் விடப்பட்டு வளர்ந்தவர்கள் என்று சொல்லும் வடிவமும் உண்டு. கதைப்பாடலைப் பதிப்பித்த நம் நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை, அது பின்னால் சேர்த்த ஒட்டு என்று கருதினார். அந்த ஒட்டை வைத்துவிட்டால் கலப்பு மணமே நடக்கவில்லை என்றாகிவிடும் அல்லவா!

அவள் நோட்டில் ஒரு வரி: "போன வருஷம் கட்டிய செருப்பு தேய்ந்து மண் படிந்திருக்கிறது. பட்டவராயன் இரவில் போட்டு நடக்கிறார் என்று மக்கள் நம்புகிறார்கள்." இதை மூன்றாகப் பிரித்தோம். அவள் கண்ணால் கண்டது மண் படிந்த செருப்பு மட்டும். 'போன வருஷம்' என்பது கேட்டது. போன வருஷம் அவள் அங்கே இல்லை. 'நம்புகிறார்கள்' என்பது அவள் நினைத்தது. சொன்னவர் ஒரே ஒரு பெரியவர். ஒரு முழுப் பகல் உட்கார்ந்து நோட்டு முழுவதையும் இப்படிக் கண்டது, கேட்டது, கருதியது என்று மூன்று நிற மையில் குறித்தாள். 'மக்கள் சொல்கிறார்கள்' என்று வந்த இடமெல்லாம் யார், எங்கே, எப்போது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று தேடி எழுதினாள். அன்றன்று இரவே விரித்து எழுதிய பக்கங்களில் விவரம் கிடைத்தது. ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து எழுதியவற்றில் அது இல்லை. அவற்றை ஆதாரமாக வைக்க வேண்டாம் என்று ஒதுக்கினோம்.

அப்படித் தேடியதில்தான் விஷயம் கிடைத்தது. ஒரே பெண்மணி கதையை இரண்டு முறை சொல்லியிருக்கிறார். குடிலில் உறவினர் சூழ இருந்தபோது, பெண்கள் பிராமணப் பிறப்பு. மறுநாள் ஆற்றங்கரையில் தனியாகச் சொன்னபோது அந்தப் பேச்சே இல்லை. முதல் நோட்டத்தில் இவள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து 'முழுக் கதை' ஆக்கியிருந்தாள். இரண்டையும் தனித்தனியே வைத்ததும் கேள்வி பிறந்தது: எந்தக் கூட்டத்தின் முன் எந்தக் கதை சொல்லப்படுகிறது?

இதற்கு மூத்த உதாரணம் இராவதி கார்வே. பண்டரிபுர யாத்திரையில் நடந்துபோய் அவர் எழுதிய கட்டுரை 1962இல் ஆங்கிலத்தில் வந்தது. ஒரே பாட்டைப் பாடி ஒன்றாக நடந்தவர்கள் சாப்பாட்டு வேளையில் சாதியாகப் பிரிந்ததை, தன் வருத்தத்தோடு சேர்த்தே எழுதினார். யாத்திரையில் ஏற்றத்தாழ்வு தளர்ந்து ஒருமை பிறக்கிறது என்று எழுதிய விக்டர் டர்னர் அதே கட்டுரையை எடுத்தாண்டார். கண்டதையும் கருதியதையும் அவர் கலக்காமல் வைத்ததால்தான் இன்னொருவர் அதை எடுத்து வேறு கேள்வி கேட்க முடிந்தது.

கடைசியாக ஒரு தகராறு. அந்தப் பெண்மணியின் ஊரையும் சாதியையும் போட்டால் கட்டுரைக்கு வலு என்றாள் பிள்ளை. போட்டால் குடிலில் இருந்த உறவினர் அத்தனை பேருக்கும் யார் என்று தெரிந்துவிடும், தனியாகச் சொன்னதும் வெளியே வந்துவிடும் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அந்த அம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டாள். "குடில்ல சொன்னதப் போடு தாயி, ஆத்தங்கரையில சொன்னது ஒனக்கு" என்றாராம்.

கட்டுரையின் முக்கால் பங்கு அந்த ஆற்றங்கரைப் பேச்சை நம்பித்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு, வில்லுப்பாட்டு வடிவங்களையும் குடிலில் பலர் முன் கேட்டதையும் மட்டும் வைத்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள்.