திரும்பிப் போகும் மெத்தனால்

மெத்தனாலையும் தண்ணீரையும் பிரிக்கும் டவருக்கான இயக்கக் குறிப்பை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினேன். அதில் ஆபரேட்டர்களுக்காகத் திரும்பத் திரும்பத் திருத்திய நான்கு வரிகள் இவை.

“கலவையை டவரில் காய்ச்சி வடிக்கவும்.”

‘வடித்தல்’ என்று மட்டும் சொன்னால் வடிகட்டுவதாகக் கொள்ள இடமுண்டு. அதே ஆலையில் ஃபில்டரும் இருக்கிறது. ஆபரேட்டர்கள் டவரைக் ‘காலம்’ என்றும் சொல்வார்கள். ஆனால் ‘காலத்தின் வெப்பநிலை’ என்று எழுதினால் வேறு பொருள் வந்துவிடும்.

“மேல் வெப்பநிலை 65 டிகிரியில் நிலைக்கும்வரை பிராடக்ட் வால்வை மூடிவைத்து, குளிர்ந்து வரும் திரவம் முழுவதையும் டவருக்கே திருப்பிவிடவும்.”

வால்வை மூடுவதும் திரவத்தைத் திருப்புவதும் மூலத்தில் இரண்டே சொற்கள்: டோட்டல் ரிஃப்ளக்ஸ். முதலில் ‘முழு ரிஃப்ளக்ஸ்’ என்றுதான் எழுதினேன். ரிஃப்ளக்ஸ் வால்வை முழுதாகத் திறந்தால் போதும் என்று படிக்க அது வழிவிட்டது. பிராடக்ட் வால்வைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ‘மறுபாய்வு’ என்ற சொல் ஷிப்டில் யார் வாயிலும் வராது. குழாய்க்கும் பம்ப்புக்கும் ரிஃப்ளக்ஸ் என்ற பெயரையே விட்டுவிட்டு, செய்ய வேண்டியதைத் தமிழில் சொன்னேன். திருப்பிவிட்ட திரவம் இறங்கும்போது ஏறிவரும் ஆவியைச் சந்திக்கிறது. ஆவியில் உள்ள தண்ணீர் குளிர்ந்து கீழே போகிறது. திரவத்தில் உள்ள மெத்தனால் ஆவியாகி மேலே வருகிறது. பிரிவது இந்தச் சந்திப்பில்தான்.

“பிறகு, குளிர்ந்து வரும் 3 பங்கில் 2 பங்கைத் திருப்பி, 1 பங்கைப் பிராடக்ட்டாக எடுக்கவும்.”

மூலம் ‘ரிஃப்ளக்ஸ் விகிதம் 2’ என்று மட்டும் சொல்கிறது. எதற்கும் எதற்கும் விகிதம் என்பது பொறியாளருக்குத் தெரியும்: திருப்புவதற்கும் எடுப்பதற்கும். மணிக்கு 900 லிட்டர் குளிர்ந்து வந்தால் 600 திரும்ப வேண்டும், 300 வெளியே வர வேண்டும். இதை மாற்றிப் பிடித்து 600 எடுத்தால், இறங்கும் திரவம் குறைந்து தண்ணீர் மேலேறும். மேல் வெப்பநிலை 65-ஐத் தாண்டி மெல்ல ஏறுவதே முதல் அடையாளம். மாதிரியின் அடர்த்தியும் 0.79-ஐ விட்டு உயரும்.

“ரீபாய்லரிலிருந்து வரும் நீராவித் தண்ணீரை பாய்லர் தொட்டிக்கு அனுப்பவும்.”

எனக்குப் பெரிய பயம் இந்த வரியில்தான் இருந்தது. மூலத்தில் இங்கே உள்ள சொல் கண்டென்சேட். டவர் உச்சியில் குளிர்ந்த மெத்தனாலுக்கும் மூலம் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டுக்கும் ‘குளிர்நீர்’ என்று எழுதியிருந்தேன். அதை நம்பி மெத்தனாலை பாய்லர் தொட்டிக்குத் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? அந்தத் தொட்டி 65 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால், மெத்தனால் அங்கேயே கொதித்து, தீப்பற்றும் ஆவியாக வெளியேறும். ஆகவே உச்சியில் வருவதற்கு ‘வடிந்த மெத்தனால்’ என்று பெயர் வைத்தேன். ‘நீர்’ என்ற சொல்லை அதன் பக்கமே விடவில்லை. ரீபாய்லரிலிருந்து வருவதை எல்லா இடத்திலும் ‘நீராவித் தண்ணீர்’ என்றே எழுதினேன்.