வெப்பமேற்றலில் என்ட்ரோபி மாற்றம்

ஒரு பொருளைச் சூடாக்கும்போதும், உருக்கும்போதும், ஆவியாக்கும்போதும் அதன் என்ட்ரோபி கூடுகிறது. மீள்முறையில் பெறும் வெப்பத்தை, அது பெறப்படும் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் அந்த உயர்வு கிடைக்கும்.

இக்கணக்கின் வேர் கிளாஸ்கோவில் இருக்கிறது. 1760களின் தொடக்கத்தில் அங்கே ஜோசப் பிளாக், பனிக்கட்டி உருகி முடியும்வரை எவ்வளவு வெப்பம் வாங்கினாலும் அதன் வெப்பநிலை ஏறுவதில்லை என்று காட்டினார். அந்த உள்ளுறை வெப்பத்தை அளக்கவும் செய்தார். ஆனால் வெப்பத்தை எதனால் வகுப்பது என்பது ஒரு நூற்றாண்டு கழித்தே தெளிந்தது. 1848இல் கெல்வின் தனிவெப்பநிலை அளவுகோலை முன்வைத்தார். ருடால்ஃப் கிளாசியஸ் 1854இல் Q/T என்ற விகிதத்தைக் கையாண்டு, 1865இல் அதற்கு என்ட்ரோபி என்று பெயரிட்டார்.

0 °C-இல் உள்ள 1 கிலோ பனிக்கட்டியை 100 °C நீராவியாக்குவோம். உருகும்போது வெப்பநிலை மாறாததால் வகுத்தலே போதும்: 334 கிலோஜூலை 273.15 கெல்வினால் வகுக்க 1.22 kJ/K. நீர் சூடேறும்போதோ வெப்பநிலை நொடிக்கு நொடி மாறுகிறது. ஒவ்வொரு சிறு வெப்பத்தையும் அப்போதைய வெப்பநிலையால் வகுத்துக் கூட்ட வேண்டும். தன்வெப்பம் மாறாது என்று கொண்டால், அந்தக் கூட்டல் mc ln(T₂/T₁) ஆகிறது: 4.19 × ln(373.15/273.15) = 1.31 kJ/K. இங்கே செல்சியஸில் எண்களை இட்டால், பூச்சியத்தால் வகுக்க நேர்ந்து கணக்கு நின்றுவிடும். ஆவியாதலுக்கு 2257 ÷ 373.15 = 6.05 kJ/K. மொத்தம் 8.58 kJ/K, அதில் பெரும்பங்கு ஆவியாதலுடையது. திரவத்தில் நெருங்கிக் கிடந்த மூலக்கூறுகள் ஆவியில் ஆயிரம் மடங்குக்கும் மேலான இடத்தில் பரவுவதே காரணம்.

இந்த 8.58 என்பது அமைப்பின் மாற்றம் மட்டுமே. தொடக்க, முடிவு நிலைகள் மாறாதவரை, எந்த அடுப்பில் வைத்தாலும் அது மாறாது. சூழலின் மாற்றம் அடுப்பைப் பொறுத்தது. பெறப்பட்ட 3010 கிலோஜூலும் 500 கெல்வினில் நிலையாக இருக்கும் அடுப்பிலிருந்து வந்தால், சூழல் இழப்பது 6.02 kJ/K, எனவே மொத்த மாற்றம் +2.56. அடுப்பு 373.15 கெல்வினில் இருந்தால் இழப்பு 8.07, மொத்தம் +0.51 ஆகக் குறைகிறது. இந்த மிச்சத்தில் ஆவியாதலின் பங்கு ஏதுமில்லை, அங்கே இரு பக்கமும் ஒரே வெப்பநிலை. உருகுதலில் 0.33, சூடேற்றலில் 0.18 என அது முழுவதும் வெப்பநிலை இடைவெளி இருந்த கட்டங்களில் பிறக்கிறது. அதையும் நீக்க, 0 °C-இல் தொடங்கி நீரைவிடத் துளி மட்டுமே சூடான வெப்பமூலங்களை வரிசையாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். கிளாசியஸ் சொன்ன மீள்பாதை அதுவே. அடுப்பிலோ கொதிகலனிலோ அது முழுமையாகக் கைகூடுவதில்லை என்பதால், அளக்கும் மொத்த மாற்றம் எப்போதும் நேர்க்குறியோடு வருகிறது.