இறுதிச் சடங்குச் செய்தியை வாசிப்பது எப்படி? – ஜெயலலிதா மறைவும் இரண்டு நாள் நாளிதழும்

2011-இல் நம் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று முதலமைச்சரானவர் ஜெ. ஜெயலலிதா. அவருடைய இறுதிச் சடங்கு எங்கே நடந்தது, யார் இருந்தார்கள், அரசு என்ன மரியாதை செய்தது என்று பழைய நாளிதழில் தேடுபவர், எந்தத் தேதி இதழை எடுப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

அவர் இறந்த நேரம் 2016 டிசம்பர் 5 இரவு 11.30 என்று மருத்துவமனை அறிவித்தது. அறிவிப்பு வந்ததோ நள்ளிரவுக்குப் பின். ஆகவே 6-ஆம் தேதி இதழில் மரணச் செய்திதான் இருக்கும். அடக்கம் 6-ஆம் தேதி மாலை நடந்ததால் அதன் விவரத்தை 7-ஆம் தேதி இதழில்தான் தேட வேண்டும். 5-ஆம் தேதி மாலையிலேயே சில தொலைக்காட்சிகள் மரணத்தைச் சொல்லிவிட, கட்சி அலுவலகக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கி, மருத்துவமனை மறுத்ததும் மீண்டும் ஏறியது. எனவே அவசரச் செய்தியை மட்டும் நம்பக் கூடாது.

அடுத்து இடம். 'நல்லடக்கம்' என்றால் புதைத்தல், 'தகனம்' என்றால் எரித்தல். ஜெயலலிதாவின் உடல் மெரினாவில் எம்.ஜி.ஆர். நினைவிட வளாகத்தில் சந்தனப் பேழையில் நல்லடக்கம் செய்யப்பட்டது. ஆனால் சில நாட்கள் கழித்து உறவினர் சிலர், ஐயங்கார் வழக்கப்படி எரிக்கவில்லையே என்று, ஒரு பொம்மையை வைத்து அடையாளத் தகனம் செய்தார்கள். அது நடந்தது கர்நாடகத்தின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில். அங்கும் காவிரி, அங்கும் ரங்கநாதர். ஊர்ப் பெயரை வேகமாகப் படித்தால் தகனம் நம் ஸ்ரீரங்கத்தில் நடந்ததாகவே தோன்றும்.

வந்தவர்கள் பட்டியலில் வினைச்சொல்லைக் கவனியுங்கள். 'அஞ்சலி செலுத்தினார்' என்றால் அடக்கத்தில் இருந்தார் என்று பொருளல்ல. பிரதமர் மோடியும் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியும் அஞ்சலி செலுத்தியது ராஜாஜி மண்டபத்தில். ராகுல் காந்தி மெரினாவில் அடக்கத்தின்போதும் இருந்தார். இறுதிச் சடங்கைச் செய்தவர் சசிகலா. உடன் அண்ணன் மகன் தீபக். சடங்கு செய்தவர் பெயர் பெரும்பாலும் ஒரே வரியில்தான் வரும். பிரமுகர் பட்டியலில் அதைத் தேடினால் கிடைக்காது.

மரியாதையிலும் இரண்டு அரசுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏழு நாள் துக்கம் அறிவித்தது தமிழக அரசு. ஒரு நாள் தேசிய துக்கம் மத்திய அரசின் முடிவு. 'ஏழு நாள் தேசிய துக்கம்' என்று எங்காவது கண்டால் இரண்டும் கலந்துவிட்டன என்று பொருள். முழு அரசு மரியாதை என்பதால் உடல்மீது தேசியக் கொடி போர்த்தப்பட்டது. கொடியைக் குழிக்குள் இறக்கக் கூடாது, சிதையில் எரிக்கவும் கூடாது என்பது கொடி விதி. ஆகவே கொடியுடன் இருக்கும் படம் அடக்கத்துக்கு முந்தைய கட்டத்தையே காட்டுகிறது.