குறிப்பும் உறுதியும்

எங்கள் அம்மாமார் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சுக்கால் குறிப்பில்தான் தொடங்கும். பொருத்தம் சரிவந்தால், நல்லூர் வீதியில் தற்செயலாகக் கண்டதுபோல மாப்பிள்ளை பகுதியார் பெண்ணைப் பார்த்துப் போவார்கள். பிறகுதான் உண்மையான பேச்சு: எந்த வீடு, எத்தனை பரப்புக் காணி, நகை எவ்வளவு, மாப்பிள்ளை வீட்டாருக்கு 'டொனேசன்' எவ்வளவு? எல்லாம் ஒத்துவந்தால் நொத்தாரிசு சீதன உறுதி எழுதுவார்.

1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமைப்படி சீதனம் பெண்ணின் சொத்து. ஆனால் கலியாணமான பெண் அந்தக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டுச் சட்டம். அவர் காரணமின்றி மறுத்தால் நீதிமன்றம் ஏற வேண்டியதுதான். கலியாணமாகாத தங்கை பக்கத்துத் துண்டைத் தன் கையெழுத்தோடு விற்கலாம், அக்காவால் முடியாது.

இன்று எங்கள் பிள்ளைகள் கம்பசிலும் வேலையிடத்திலும் பழகி, தாங்களே முடிவெடுத்துவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். குறிப்பு கடைசியில் வருகிறது. பொருந்தாவிட்டால் வேறு சாத்திரியாரைத் தேடுகிறோம்! பல பெடியன்கள் டொனேசன் வேண்டாம் என்கிறார்கள், அவர்களின் தாய்மார் அவ்வளவு இல்லை. வீட்டை மட்டும் இன்னும் மகளுக்கே எழுதுகிறோம். கலியாணத்துக்கு முன்பே நன்கொடையாக எழுதினாலும், தாலி ஏறியபின் அதே சம்மதம் வேண்டும்.

மகள் தேசவழமைக்கு உட்படாத ஒருவரை விரும்பிக் கட்டினால் கதை வேறு. அந்தக் கலியாணம் நீடிக்கும்வரை தேசவழமை அவளைக் கட்டுப்படுத்தாது. பழகும்போது இதை யார் பேசிக்கொள்கிறார்கள்? முன்பு பேச்சுக்காலில் பெரியவர்களாவது உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு கதைத்தார்கள்.