ராத்தாவின் கலியாணத்துக்கு வந்த ஐம்பது தினார்



நோன்புப் பெருநாள் முடிந்தால் நம்ம பக்கம் கலியாணக் காலம்தான். கொங்காவெல, உக்குவெல, வரக்காமுறை என்று எங்கு போனாலும் வாரத்துக்கு இரண்டு வலீமா. வருகிற கவர்களில் சிலதைத் திறந்தால் உள்ளே ரியாலும் தினாரும் இருக்கும். போன கிழமை என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் வாப்பா, "சேர், இதை வச்சிருக்கிறதா, மாத்துறதா? எழுதுறதென்றால் எப்படி எழுதுறது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நடந்த ஒரு நட்டத்திலிருந்து தொடங்குவதுதான் சரி.

1989 கடைசியில் என் ராத்தாவுக்குக் கலியாணம். குவைத்தில் வேலை செய்த சாச்சா லீவில் வந்து, உம்மாவின் கையில் பத்துத் தினார் தாள்கள் ஐந்தைக் கொடுத்தார். அப்போது டொலர் ஒன்று ஏறத்தாழ 40 ரூபாய். ஒரு தினார் மூன்று டொலருக்கும் மேல். ஐம்பது தினார் என்றால் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் வரும், அந்த நாளில் அது நல்ல காசு. "தினார் எப்பவும் ஏறும், வச்சிருங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். உம்மா அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அங்கிருந்த நம் ஆட்கள் பாலைவனம் வழியாக ஜோர்தானுக்குப் போய், முகாம்களில் கிடந்து, வெறுங்கையோடு ஊர் வந்தார்கள். குவைத் தினாரை ஈராக் இல்லாமலாக்கி, அதற்குப் பதிலாகத் தன் தினாரைப் புழக்கத்தில் விட்டது. மத்திய வங்கியில் இருந்த தாள்களையும் அள்ளிக்கொண்டு போனது. 1991இல் நாடு மீண்டதும் குவைத் அரசு என்ன செய்தது? திருடப்பட்ட தாள்கள் திரும்பி வந்து புழங்கக் கூடாது என்பதற்காக மார்ச் 24ஆம் திகதி புதிய தாள்களை வெளியிட்டது. பழைய தாள்களுக்கு 1991 செப்டம்பர் 30 கடைசி நாள். அந்தத் திகதி மாத்தளையில் யாருக்குத் தெரியும்? உம்மாவுக்குத் தெரிய வந்தபோது அது எப்போதோ கடந்து போயிருந்தது.

அது யுத்தத்தால் வந்தது என்று விட்டுவிட முடியாது. யுத்தம் இல்லாமலும் இது நடக்கிறது. கத்தார் 2020 டிசம்பரில் புதிய தாள்களை வெளியிட்டு, பழையதை மாற்றுவதற்கு ஒரு காலக்கெடு வைத்தது. குவைத் 2014இல் மறுபடியும் தாளை மாற்றி, அடுத்த ஆண்டே பழைய தொடரைப் புழக்கத்திலிருந்து எடுத்தது. இந்தியாவில் 2016 நவம்பரில் நடந்ததை எல்லோரும் அறிவோம். ஏர்வாடிக்கும் நாகூருக்கும் போய்வந்தவர்கள் மிச்சம் வைத்திருந்த 500, 1000 ரூபாய்த் தாள்கள் ஒரே இரவில் செல்லாக்காசாகின. அமெரிக்க டொலர் அப்படியல்ல, பழைய தாளும் சட்டப்படி செல்லும். ஆனாலும் கிழிந்தது, எழுதியது, மிகப் பழையது என்றால் இங்கே வாங்கத் தயங்குவார்கள். ஆகவே கவரைத் திறந்ததும் தாள் எந்தத் தொடர் என்று பாருங்கள். பிறகு கொடுத்தவரிடமே வட்ஸ்அப்பில் படம் அனுப்பி, இது இப்போதும் அங்கே செல்லுமா என்று கேளுங்கள். செல்லாதென்றால், அடுத்த லீவில் அவர் எடுத்துப் போய் அங்குள்ள மத்திய வங்கியில் மாற்ற இன்னும் காலம் இருக்கக்கூடும்.

இனி மாற்றுவது. வங்கியில் போடும் விலைப் பலகையில் ஒரே நாணயத்துக்குப் பல விலைகள் இருக்கும். நாம் பார்க்க வேண்டியது நாணயத் தாளுக்கான கொள்வனவு விலை. பலர் விற்பனை விலையைப் பார்த்துவிட்டு, கவுண்டரில் குறைத்துத் தருகிறார்கள் என்று சண்டை பிடிக்கிறார்கள். கணக்கில் அனுப்பும் காசுக்குத் தாளைவிடச் சற்றுக் கூடிய விலை கிடைக்கும். தாளை ஓர் இடத்தில் சேர்த்து, காவலோடு வைத்து, திருப்பி அனுப்பும் செலவு வங்கிக்கு இருக்கிறது. சில்லறைக் குற்றிகளை யாரும் எடுக்கமாட்டார்கள்.

சரியான விலையா என்று நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. சவூதி ரியால் டொலரோடு கட்டப்பட்டது, 3.75 ரியால் ஒரு டொலர். டொலரின் கொள்வனவு விலை 300 ரூபாய் என்றால், 300ஐ 3.75ஆல் வகுத்தால் 80 வரும். ஒருவர் 78 தந்தால் அது வழக்கமான குறைவு. 70 தந்தால் வெளியே வந்துவிடுங்கள். டுபாய் திர்ஹம் 3.67, கத்தார் ரியால் 3.64, கணக்கு அதே கணக்குத்தான். குவைத் தினாருக்கு மட்டும் இது சரிவராது. அது டொலரோடு மட்டும் கட்டப்பட்டதல்ல.

மாற்றுகிற இடம் வங்கியாகவோ, மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணய மாற்று நிலையமாகவோ இருக்கட்டும், பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றாமல் வெளிநாட்டு நாணயமாகவே வைக்க விரும்பினால் அலுமாரி வேண்டாம். 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு இருக்கிறது, பிள்ளையின் பெயரில் திறக்கலாம். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், அதற்கும் எழுத்து உதவும். கையில் வைத்திருக்கக்கூடிய எல்லையை 2022 ஜூனில் 15,000 டொலரிலிருந்து 10,000 டொலராகக் குறைத்தார்கள். ஒரு கலியாணத்துக்கு அவ்வளவு வராது என்றாலும் தெரிந்திருப்பது நல்லது.

எழுதுவதில்தான் பெரிய பிழை நடக்கிறது. மணப்பெண்ணின் மாமா 2021 நவம்பரில் 3,000 ரியாலை மாப்பிள்ளையின் கையில் கொடுத்து, "இது பிள்ளைக்கு" என்றார் என்று வையுங்கள். 800 டொலர். அன்றைக்கு டொலர் 200 ரூபாய் அளவில் நிறுத்தப்பட்டிருந்ததால் கொப்பியில் "மாமா – 160,000" என்று எழுதினார்கள். ரியால் வீட்டிலேயே இருந்தது. 2022 மார்ச்சில் ரூபாயைக் கைவிட்டார்கள், மே மாதம் டொலர் 360ஐத் தொட்டது. அதே ரியால் இப்போது 288,000 ரூபாய். பிறகு குடும்பத்தில் பிரச்சினை வந்து காதியிடம் போனால், பெண் கேட்க வேண்டியது எது? மாப்பிள்ளை கொப்பியைக் காட்டி ஒரு இலட்சத்து அறுபதாயிரம் என்பார். பெண் வீட்டார் மூவாயிரம் ரியால் என்பார்கள்.

இது வெறும் குடும்பப் பேச்சல்ல. பெண்ணின் பயன்பாட்டுக்கென்று, திருமணத்துக்கு முன்போ திருமண நேரத்திலோ மணமகனிடம் உறவினரோ வேறு எவரோ கொடுத்த பணம், 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் கைக்கூலி என்ற சொல்லுக்குள் வருகிறது. மனைவி அதைக் காதி நீதிமன்றத்தில் திரும்பக் கேட்கலாம். அதனால் நிக்காஹ் பதிவின்போது கைக்கூலி பற்றிய இடத்தை "இல்லை" என்று அவசரமாக நிரப்பிவிட்டு சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். பெண்ணின் கையிலேயே கொடுத்தது வேறு விடயம், அது அவளுடைய சொந்த அன்பளிப்பு. இரண்டையும் ஒரே வரியில் கலக்கக் கூடாது.

ஆகவே அந்த வாப்பாவுக்கு நான் எழுதிக்கொடுத்த வரி இப்படி இருந்தது: "பெரிய மாமா, ஜித்தா. 500 சவூதி ரியால் தாள் 6. கொடுத்தது மணமகளின் கையில். திகதி. மாற்றவில்லை." பின்னால் மாற்றும்போது அதே வரியின் கீழே, மாற்றிய திகதி, அன்றைய விலை, கிடைத்த ரூபாய். பற்றுச்சீட்டை அந்தப் பக்கத்திலேயே பின் அடித்துவிடலாம். இரண்டு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் கையெழுத்து வைத்தால் இன்னும் நல்லது. "சந்தேகப்படுகிற மாதிரி இருக்குமே" என்றார் அவர். உமக்குத் தெரியும், கலியாண நாளில் யாரும் சந்தேகப்படுவதில்லை, அன்றைக்குத்தான் கையெழுத்து வாங்குவது இலேசு என்றேன்.

ராத்தாவின் ஐந்து தாள்களும் இன்னும் எங்களிடம் இருக்கின்றன. கலியாணக் கொப்பியும் இருக்கிறது. அதில் உம்மாவின் கையெழுத்தில் "சாச்சா – 50" என்று மட்டும்தான். தினாரா ரூபாயா என்று ராத்தாவின் பிள்ளைகள் போன வருடம்தான் என்னிடம் கேட்டார்கள்.